கௌரவ ஆலோசகரும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும்

களப்பணி மேற்பார்வைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என் அனுபவத்தில் எதையாவது சொல்லும்படி துறையில் கேட்டார்கள். ஆய்வேட்டை எப்படித் திருத்துவது, அட்டவணையை எங்கே செருகுவது என்பதையெல்லாம் அவர்களே சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரு சொல்லைப் பற்றி. மரியாதைக்காகப் போட்ட அந்தச் சொல்லால் ஒரு பெண்ணின் பிழைப்பு கைவிட்டுப் போகப் பார்த்தது. இடையிடையே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் வரும். அவை இல்லாமல் கதை நகராது.

நடந்தது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கல்வியாண்டில். எதையும் ஆண்டு, மாதம், கிழமையோடு சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு என்று உங்களுக்குத் தெரியும். இந்த முறை ஆண்டைச் சொல்லமாட்டேன். சொன்னால் எந்தக் குடியிருப்பு என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மாதங்களும் கிழமைகளும் உண்மை.

முதுகலை சமூகப்பணி இரண்டாம் ஆண்டு மாணவி பொன்மலர். தேனிப் பக்கத்துப் பெண். வேலப்பன்சாவடியில் விடுதி. 'நகரக் குப்பை பொறுக்குவோரின் வாழ்வாதாரம்' என்று ஒரு தலைப்பை ஆகஸ்டில் எழுதிக்கொண்டு வந்தாள். எனக்குத் தலைப்பு பிடித்திருந்தது. ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினோம். செப்டம்பர் முதல் வாரத்தில் திரும்பி வந்தது. 'பொறுக்குவோர்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.

குழுவில் ஒருவர், "பொறுக்கி என்பது தமிழில் வசவு. ஒருவரை வசைச்சொல்லால் குறித்துவிட்டு அவரிடமே மரியாதையான நேர்காணல் எப்படி எடுப்பீர்கள்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். இன்னொருவர் 'வள மீட்பாளர்' என்றார். அது புதையல் எடுக்கிறவர் மாதிரி இருக்கிறது என்று மூன்றாமவர் சொன்னார். கடைசியில் அரசே பயன்படுத்துகிற சொல்லைப் போடலாம் என்று முடிவானது: தூய்மைப் பணியாளர். ஆய்வேட்டில் மட்டும் இல்லாமல் களத்திலும் யாரிடம் பேசினாலும் இந்தச் சொல்லைத்தான் சொல்ல வேண்டும் என்று குறிப்பு எழுதினார்கள். அதோடு இன்னொரு குறிப்பும் இருந்தது. கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பொன்மலர் எதையும் எழுதியபடியே செய்கிற பெண். கொரட்டூர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கினாள். அரக்கு நிறம், கை வைத்தது. ஒன்றை ஒன்றின் மேல் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஏரிப் பக்கமாக நடந்தாள். வழியில் யாரோ நிறுத்தி விலை கேட்டார்களாம்.

ஏரிக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெரிய அடுக்ககம். வெளியூர்களிலிருந்து வந்து கணினி வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைய. வாசல் காவலர் நாதமுனி. ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அம்பத்தூர்க்காரர். கீழ்த்தளத்தில் ஓர் அறை இருந்தது. உலர்ந்த குப்பையெல்லாம் அங்கேதான் வந்து விழும். காலையில் அந்த அறையில் வேலை செய்பவர் ரோசி. கணவர் இல்லை. மகள் நர்சிங் படிக்கிறாள். புடவைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை போட்டிருப்பார். ஒப்பந்தத் தூய்மைப் பணியில் இருக்கும் அவருடைய நாத்தனார் சாந்தி கழித்துப் போட்ட சீருடைச் சட்டை அது. அந்தச் சட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொன்மலர் நாற்காலிகளை இறக்கி எதிரெதிராகப் போட்டாள். ரோசி உட்காரவில்லை. ஒன்றைத் தூக்கிக் காலைச் சுண்டிப் பார்த்தார்.

"புச்சா? நல்லா கீது. ஆனா ஒடஞ்சுதுன்னா கருப்புலதான் போவும், பாப்பா. வெல இருக்காது."

"உக்காருங்கக்கா."

"நானு ஒக்காந்தேன்னா, இவளுக்கு வேல இல்ல போலன்னு மேலேந்து பாக்கறவங்க நெனச்சுக்குவாங்க. நீ ஒக்காரு. நானு பிரிச்சுகினே சொல்றேன்."

"நீங்க நின்னா நான் உக்காரக் கூடாதுக்கா. அது ரூல்."

"அப்ப ரெண்டு பேரும் நின்னுக்கலாம். சேரு ஒக்காரட்டும்."

முதல் நேர்காணல் அப்படித்தான் நடந்தது. இரண்டு பேர் நின்றார்கள், இரண்டு நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. நாதமுனி வாசலிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "யாருனா வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நேர்காணலுக்கு முன்னால் சம்மதம் வாங்க வேண்டும். பொன்மலர் விளக்கினாள். குரல் பதிவாகும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். சொன்னது எதுவும் ரோசியைக் கேட்காமல் வெளியே போகாது. ஆய்வேட்டில் வேறு பெயர் இருக்கும், எந்தப் பெயர் வேண்டும் என்று ரோசியே சொல்லலாம்.

"சாந்தின்னு போடு."

"ஏன்க்கா, அந்தப் பேரு பிடிக்குமா?"

"என் நாத்தனா பேரு. எதுனா கெட்டதா எழுதிட்டின்னா அவ மேல போவட்டும்."

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பொன்மலர் பதினைந்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தாள். ஆவடி, திருநின்றவூர் வரைக்கும் போனாள். நாற்காலிகளும் சில இடங்களுக்குப் போயின. பெரும்பாலும் நாதமுனியின் பாதுகாப்பில் இருந்தன. ஒன்றில் அவர் உட்கார்ந்தார், மற்றதில் அவருடைய சாப்பாட்டுப் பை உட்கார்ந்தது. பதிவுகளைக் கேட்கக் கேட்க எனக்கும் ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தங்களை ஒரே கூட்டமாக நினைக்கவில்லை. அள்ளுகிறவர்கள் வேறு, பொறுக்குகிறவர்கள் வேறு.

அள்ளுகிறவர்களுக்குச் சீருடை உண்டு. ஒப்பந்த நிறுவனம் பேட்டரி வண்டி கொடுக்கும். காலையில் வருகைப் பதிவு. பச்சைக் கூடை, நீலக் கூடை என்று வீடு வீடாக வாங்கி வண்டியில் கொட்டுவார்கள். சம்பளம் குறைவு, பிடித்தம் அதிகம், நிரந்தரம் கிடையாது. ஆனாலும் அது சம்பளம். பொறுக்குகிறவர்களுக்கு முதலாளி இல்லை. கோணி, கொக்கிக் கம்பி, சிலருக்கு மூன்று சக்கர வண்டி. விற்கிற பொருள்தான் வருமானம். பேட்டரி வண்டி வந்து போன தெருவில் அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அள்ளுகிறவர்களும் தேறுவதை எடுத்துத் தனியாகக் கட்டிக்கொள்வார்கள். குறைந்த சம்பளத்தை அப்படித்தான் ஈடுகட்டுகிறார்கள். அதனால் பொறுக்குகிறவர்கள் விடிவதற்குள் போக வேண்டும். அந்த நேரத்தில் கோணியோடு நடந்தால் நாய் துரத்தும், திருட்டுக் கேள்வியும் வரும்.

ரோசி கொஞ்சம் வசதியான நிலையில் இருந்தார். அந்த அடுக்ககத்தோடு அவருக்கு ஓர் ஏற்பாடு. பல வருஷங்களுக்கு முன்னால் இருந்த ஒரு குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னது. ரோசி கீழ்த்தள அறையைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருப்பார், பதிலுக்கு அங்கே வரும் உலர்ந்த சாமான் அவருக்கு. பணம் கை மாறியதே இல்லை. அதனால் பின்னால் வந்த செயலாளர்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே தெரியாது. கணினி வேலைக் குடும்பங்கள் தினமும் பார்சல் வாங்குகிறவர்கள். அட்டைப் பெட்டி மலையாகக் குவியும். ரோசி வகை வகையாகப் பிரிப்பார். அட்டை தனி. பால் கவர் கழுவித் தனி, அதற்கு நல்ல விலை. தண்ணீர் பாட்டில் மூடி கழற்றித் தனி. வாளி, குளியலறை மக்கு ஒரு பக்கம். பல தடவை உருக்கிய மட்டப் பிளாஸ்டிக்குக்குக் 'கருப்பு' என்று பெயர். அது எந்த நிறத்தில் இருந்தாலும் கருப்புதான். சிப்ஸ் பாக்கெட்டை எவனும் வாங்கமாட்டான். எல்லாம் மதியத்துக்குள் காயலாங்கடைக்குப் போய்விடும். அட்டை நனைந்திருந்தால் கடைக்காரர் ஈரத்துக்கு என்று எடையில் கழிப்பார். மழைக்காலத்தில் கூரை உள்ள அந்த அறைதான் ரோசிக்குச் சொத்து. மகளின் படிப்புக்காக அதே கடையில் முன்பணம் வாங்கியிருந்தார். அதனால் வேறு கடைக்குச் சரக்கைக் கொண்டுபோக முடியாது, சரக்கு இல்லாமல் நின்றுவிடவும் முடியாது. ரோசி ஒருநாள் சொன்னது பதிவில் இருக்கிறது: "தெருவ நம்பி நானு இல்ல. இந்த ரூமாலதான் என் ஊடு ஓடுது."

இதெல்லாம் ரோசியோடு சேர்த்து எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ரகசியம் காப்பதாகச் சொல்லித்தான் கேட்டோம். அடுக்ககத்தில் குடியிருக்கிறவர்கள் யாருக்கும் தெரியாது.

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை, குடியிருப்போர் சங்கச் செயலாளர் செந்தில் கீழே வந்தார். கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர். யாரையும் 'ங்க' போடாமல் பேசியதில்லை. அன்றைக்குப் பார்த்து ரோசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலி. எதிரே பொன்மலர் நாற்காலியில், கையில் பதிவுக் கருவி.

"ஏனுங்க, என்ன நடக்குதுங்க? சேனல்காரங்களா?"

பொன்மலர் எழுந்து, குழு சொல்லித் தந்தபடி பதில் சொன்னாள். "இல்ல சார். கல்லூரி ஆய்வு. இவங்க தூய்மைப் பணியாளர். இவங்க வாழ்க்கையப் பத்தி மரியாதையாப் பதிவு செய்யிறோம்."

செந்தில் ரோசியின் காக்கிச் சட்டையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். கை கூப்பினார். அன்று மாலைக்குள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவிவிட்டது: நம் வளாகத்துத் தூய்மைப் பணியாளரைக் கல்லூரியே தேடி வந்து பேட்டி எடுக்கிறது, நாம் இத்தனை வருஷமாக அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒருவர் சால்வை என்றார். ஒருவர் சால்வையோடு நினைவுப் பரிசு என்றார். ஜனவரி இருபத்தாறு கொடியேற்றத்தில் ரோசியைச் சிறப்பு விருந்தினராக அழைப்பது என்று ஒருமனதாக முடிவானது. அந்தக் குழு ஒருமனதாக முடிவெடுத்த முதல் விஷயம் அதுதான் என்று நாதமுனி சொன்னார். கல்லூரியின் சார்பில் என்னையும் கூப்பிட்டார்கள்.

போனேன். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் மேடை. மேடையில் அதே அரக்கு நாற்காலிகள். அவைதான் கைக்குக் கிடைத்தனவாம். ஒன்றில் ரோசி, இன்னொன்றில் நான். நாங்கள் ஒரே உயரத்தில் இருப்பதைப் பார்த்துப் பொன்மலருக்குத் திருப்தி. ரோசி மாதா கோயிலுக்குக் கட்டுகிற பட்டுப் புடவையில் வந்திருந்தார். அந்தக் காக்கிச் சட்டை எங்கே என்று ஒரு பெரியவர் கேட்டார். சீருடையில் இருந்தால் படம் இன்னும் பொருத்தமாக இருக்குமாம். சால்வை போட்டார்கள். தேசிய கீதத்துக்குப் பிறகு செந்தில் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"ரோசியக்கா அரசாங்கச் சம்பளத்துக்கு ஊரைச் சுத்தம் பண்றவங்க. அதுக்கு மேலயும் நம்ம அட்டை, பாட்டிலையெல்லாம் தூக்கிச் சுமக்கறாங்க. நாம ஒத்த வார்த்தை நன்றி சொன்னதில்லீங்க. இன்னைக்கு அந்தச் சுமையை எறக்கி வெக்கிறோம். பிப்ரவரியிலிருந்து நம்ம உலர்ந்த குப்பையை ஒரு தனியார் நிறுவனத்து வண்டி வந்து எடுத்துக்கும். அக்கா இனிமே அதுல கை வெக்கவே வேண்டாமுங்க."

பெரிய கைத்தட்டல். ரோசியும் தட்டினார். எல்லாரும் தட்டும்போது தட்டுவதுதான் மேடை வழக்கம். தட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சொல்றாரு அந்தத் தம்பி? ரூம எடுத்துக்கினாங்களா?"

கீழே முதல் வரிசையில் பொன்மலர் எழுந்தேவிட்டாள். நான் கையைக் காட்டி உட்கார வைத்தேன். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், கவனியுங்கள். அவள் சொல்ல நினைத்தது உண்மை. இவருக்குச் சம்பளம் கிடையாது, அந்த அட்டைதான் இவருடைய சோறு. அந்த உண்மை அவள் கைக்கு எப்படி வந்தது? வெளியே சொல்லமாட்டேன் என்ற வாக்கில் வந்தது. அதைச் சால்வையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தலைக்கு மேலே, ஒலிவாங்கியில், அவரைக் கேட்காமல் உடைத்தால் அது என்ன உதவி? பேசுவதற்கு அங்கே எத்தனையோ பேர் இருந்தார்கள். முடிவு ஒருவருடையது மட்டும். நான் குனிந்து ரோசியிடம் கேட்டேன்.

"எடுத்துக்கிட்டாங்க. உங்களுக்குச் சம்பளம் வருதுன்னு நெனைக்கிறாங்க. இப்பவே சொல்லிடவா? நீங்க சரின்னா சொல்றேன்."

ரோசி சால்வையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"வாணாம். சாலுவ போட்டுகினு கைய நீட்டுனா நல்லா இருக்காது. என் பொண்ணு வேற கீழ நின்னுகினு போட்டோ புடிக்குது."

"அப்ப என்ன பண்றது?"

"அவரு லட்டு குடுக்கட்டும். அப்பால பாப்போம்."

அதற்குள் செந்தில் இரண்டாவது அறிவிப்புக்குப் போய்விட்டார். ரோசியக்காவுடனான உறவு இதோடு முடியக் கூடாதாம். இன்று முதல் அவர் சங்கத்தின் கழிவு மேலாண்மைக் கௌரவ ஆலோசகர். படம் போட்ட அடையாள அட்டை, நீல நாடாவில் கோத்தது, கழுத்தில் விழுந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ரோசி ஒலிவாங்கியைச் சற்றுத் தள்ளியே பிடித்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். குப்பய நானு பாத்துக்கறேன். யாரும் கவலப்படாதீங்க."

இன்னும் பெரிய கைத்தட்டல்.

பிப்ரவரி பிறந்ததும் கீழ்த்தள அறைக்குப் பூட்டு வந்தது. சாவி நாதமுனியிடம். ரோசி கோணியோடு வந்து வாசலில் நின்றார். நாதமுனிக்கு அவரைப் பல வருஷமாகத் தெரியும், ஆனால் செந்தில் அச்சடித்து ஒட்டிய தாளில் தெளிவாக இருந்தது: குப்பை எடுக்க வெளியாட்களுக்கு அனுமதி இல்லை.

அந்த வாரம் ரோசி தெருவுக்குப் போனார். விடிவதற்குள் போனால் நாய், விடிந்து போனால் பேட்டரி வண்டி. பட்டறைகள் இருக்கும் தெருவில் ஏற்கெனவே பொறுக்கும் பெண்கள், இது எங்க லைன் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம். வியாழக்கிழமை பொன்மலர் காயலாங்கடையில் ரோசியைப் பார்த்தபோது, கோணியில் நாலு பாட்டிலும் கொஞ்சம் கருப்பும்தான் இருந்ததாம். கடைக்காரர் எடைத்தட்டில் போடாமலே கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா ரோசி, சிறப்பு விருந்தினர் ஆயிட்டு ஓய்வா?" என்றாராம். சால்வை போட்ட படம் அவருக்கும் வந்திருக்கிறது. முன்பணத்தைப் பற்றி அவர் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் ரோசிக்குப் பயமாக இருந்தது.

பொன்மலர் என் அறைக்கு வந்து அழுதாள். "நான் பொறுக்குறவங்கன்னு சொல்லியிருந்தா இது நடந்திருக்காது மேடம். செந்தில் சார்ட்ட எல்லாத்தையும் சொல்லிரட்டுமா?"

"ரோசியைக் கேட்டியா?"

"கேட்டேன். வேணாம்ங்கிறாங்க. படம் கோயில்ல பங்குத்தந்தை வரைக்கும் போயிருச்சாம். இப்பப் போயி நான் அதுக்கெல்லாம் ஆளில்லன்னு சொல்ல முடியாதாம்."

"அப்போ நமக்குச் சொல்ல உரிமை இல்லை. ஆனா கூட நிக்க உரிமை இருக்கு. திங்கட்கிழமை மூணு பேரும் போவோம். என்ன பேசணும்னு அவங்க முடிவு பண்ணட்டும்."

திங்கட்கிழமை போனோம். ரோசி கோணியை மடித்துக் கட்டைப்பைக்குள் வைத்திருந்தார். காக்கிச் சட்டை. கழுத்தில் நீல நாடா. நாதமுனி எழுந்து நின்றார்.

"இன்னா ரோசி, சொன்னேனே. வெளியாளு உள்ள போவக்கூடாது."

ரோசி அட்டையைத் தூக்கிக் காட்டினார். "நானு வெளியாளா, அண்ணாத்தே? பட்ச்சுப் பாரு."

நாதமுனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழிவு மேலாண்மைக் கௌரவ ஆலோசகர். கீழே செயலாளர் கையெழுத்து, சங்க முத்திரை. சுவரில் ஒட்டிய தாளையும் ஒருமுறை படித்தார். அதில் ஆலோசகரைப் பற்றி ஒன்றும் இல்லை.

"ஆலோசகர் உள்ள போயி இன்னா பண்ணுவாங்க?"

"ஆய்வு."

"அந்தப் பொண்ணு மாதிரியா?"

"ஆமா. தெனம் பண்ணணும்."

நாதமுனி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாவியை எடுத்தார். அவர் சல்யூட் அடித்ததாகப் பொன்மலர் சொல்வாள். தலையைத்தான் சொறிந்தார் என்பது என் நினைவு.

அறைக்குள் ஒரு வாரத்து அட்டை கூரை வரை நின்றது. அறை நிறைந்தாலோ மாதம் முடிந்தாலோதான் நிறுவனத்து வண்டி வருமாம். ரோசி அரக்கு நாற்காலியில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். கோணி நிறைந்ததும் தோளில் ஏற்றினார். வாசலில் நாதமுனி, "இது இன்னா?" என்றார்.

"சாம்பிளு."

"இவ்ளோ பெருசா?"

"குப்ப இவ்ளோ இருந்தா சாம்பிளும் இவ்ளோ இருக்கும் இல்ல?"

அன்றைக்கு அப்படிப் பல சாம்பிள்கள் போயின. மாலையில் செந்திலிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. போச்சு என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். "மேடம், அக்கா இன்னைக்கு அவங்களாவே வந்து ஆய்வு பண்ணீட்டுப் போனாங்களாமுங்க. கௌரவப் பதவின்னா சும்மா பேருக்குன்னு நெனைக்கறவங்கதான் அதிகம். அறையே பளிச்சுனு இருக்குதுங்க." நான் ஆமாம் என்று மட்டும் சொன்னேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நீங்களும் இப்படிப்பட்ட ஆமாம்களைச் சொல்ல வேண்டி வரும்.

அதற்குப் பிறகு ஆலோசகர் ஒருநாளும் தவறவில்லை. மாதக் கடைசியில் நிறுவனத்து வண்டி வந்தபோது அறையில் சிப்ஸ் பாக்கெட் மட்டும் இருந்தது. மார்ச்சிலும் அப்படியே. இவ்வளவு குறைந்த சரக்குக்கு வண்டி அனுப்பக் கட்டுப்படி ஆகாது என்று நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. அந்தச் செய்தியைப் புரிந்துகொண்ட விதத்தைச் செந்தில் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார், நாதமுனி எனக்குப் படித்துக் காட்டினார். ஆலோசகரின் வழிகாட்டுதலால் வளாகத்தில் உலர் கழிவே உண்டாவதில்லையாம். வாசலில் ஒரு பலகை வைத்தார்கள்: கழிவில்லாக் குடியிருப்பு. பலகைக்குக் கீழே தினமும் பார்சல்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

பக்கத்து அடுக்ககத்துக்காரர்கள் இந்தச் சாதனையைப் பார்க்க வந்தார்கள். எப்படி முடிந்தது என்று பொன்மலரிடம் கேட்டார்கள். ஆய்வுத் தகவல் ரகசியம் என்று சொல்லிவிட்டாள். அது அவர்களுக்கு இன்னும் மரியாதையாகப் பட்டது.

ஏப்ரலில் ஆய்வேட்டை முடிக்கும்போது அவள் தலைப்பை ரோசியிடம் படித்துக் காட்டினாள். எழுதியதைத் தகவல் தந்தவரிடமே காட்டிச் சம்மதம் வாங்குவது நம் வேலையில் நல்ல வழக்கம், விட்டுவிடாதீர்கள். 'தூய்மைப் பணியாளர்' என்ற இடத்தில் ரோசி நிறுத்தினார்.

"அது சாந்தி வேல. அவ அள்றவ. நானு பொறுக்குறவ. அத போட்டின்னா அவ சம்பளத்த நானு வாங்குனா மாதிரி ஆயிடும்."

"பொறுக்குறதுன்னு போட்டா கேவலமா இருக்கும்னு குழுல சொல்றாங்கக்கா."

"பொறுக்கி எட்த்துதான் பொண்ண நர்சு ஆக்கறேன். இதுல இன்னா கேவலம்? ஒர்த்தன் திட்றதுக்கு எட்த்துக்கினான்னா, அதுக்காவ நாங்க தொழில் பேர விட்றணுமா?"

பொன்மலர் அந்தப் பதிலை அப்படியே எழுத்தில் கொடுத்தாள். குழு இரண்டு தடவை கூடியது. கடைசியில் பழைய தலைப்பையே ஏற்றுக்கொண்டார்கள். சிவப்பு மையால் அடித்தவரே முன்மொழிந்தார். ஒருவரை எந்தச் சொல்லால் கௌரவிக்கலாம் என்று நாம் யோசிப்பதற்கு முன்னால், அவர் எந்தச் சொல்லால் சாப்பிடுகிறார் என்று அவரிடமே கேளுங்கள். முறையியல் பற்றி என்னிடம் வேறு சரக்கு இல்லை.

ஆகஸ்ட் பதினைந்து கொடியேற்றத்துக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அதே மேடை, அதே நாற்காலிகள். இப்போது ஆலோசகர் நிரந்தரமாக மேடையில் உட்காருகிறவர். செந்தில் பேசிக்கொண்டிருக்கும்போது என் நாற்காலியின் பின்கால் படக்கென்று ஒடிந்தது. நான் விழாமல் ரோசி பிடித்துக்கொண்டார். கூட்டம் பதறியது. செந்தில் பேச்சை நிறுத்திவிட்டு, யாராவது இதை எடுத்து வெளியே போடுங்க என்றார். போட்டுவிட்டு வரக் கழிவில்லாக் குடியிருப்பில் இடம் இல்லையே என்று அவருக்கே உடனே தோன்றியிருக்க வேண்டும். வாசல் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

ரோசி ஒடிந்த காலையும் நாற்காலியையும் சேர்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காலைச் சுண்டிப் பார்த்தார்.

"உடுங்க தம்பி. நானு ஆய்வுக்கு எட்த்துக்கறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். ரோசி குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "சொன்னேனே. கருப்பு."